ஆறு மாத விடுப்புக்கு முன் சார்ஜ் ஒப்படைப்பு: மூன்று விதக் குறிப்புகள், ஒரு ஒப்பீடு

ஜூன் 10 முதல் டிசம்பர் 8 வரை 26 வாரப் பேறுகால விடுப்பில் செல்வதற்கு முன், நான் பார்த்துவந்த வேலைகளை என்னைவிட இளைய சக ஊழியர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 60 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்தின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. ஆகியவை என் பொறுப்பில் இருந்தன. அவர் அதுவரை விற்பனைப் பட்டியல்களை மட்டும் போட்டுவந்தவர். கணக்கு தெரிந்தவர்தான், ஆனால் இந்த வேலைகளில் எதையும் தனியாகச் செய்ததில்லை. அவருக்காக நான் ஒப்படைப்புக் குறிப்பை மூன்று முறை, மூன்று வேறு அமைப்புகளில் எழுதினேன். எந்த அமைப்பு எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

முதலில் எழுதியது வேலை வாரியான குறிப்பு. பெரும்பாலான அலுவலகங்களில் சார்ஜ் லிஸ்ட் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். சம்பளம் என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தளத்தில் ஏற்ற வேண்டும், யார் கையெழுத்து தேவை என்ற விவரங்கள், அடுத்து பி.எஃப்., அடுத்து இ.எஸ்.ஐ. எழுதுபவருக்கு இது மிக எளிது, ஏனென்றால் வேலைகள் அவர் மனதில் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. மேலாளர் ஒரே பார்வையில் எல்லாம் ஒப்படைக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும் முடியும். ஆனால் பொறுப்பேற்பவர் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி, ‘இன்று நான் எதைத் தொடங்க வேண்டும்’ என்பது. அதற்கு இந்தக் குறிப்பில் விடை இல்லை. ஒவ்வொரு தலைப்பையும் புரட்டி அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவதாகத் தேதி வாரியாக எழுதினேன். இதிலும் ஒரு தவறான வடிவம் உண்டு; என் முதல் முயற்சி அந்த வடிவத்தில்தான் இருந்தது. 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனை விவரங்களுக்கான ஜி.எஸ்.டி. அறிக்கை GSTR-1, 15ஆம் தேதி பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி வரி கட்டித் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. அறிக்கை GSTR-3B என்று கடைசித் தேதிகளை மட்டும் அடுக்கியிருந்தேன். அது வரி ஆலோசகர்கள் கொடுக்கும் நாட்காட்டியிலேயே இருக்கிறது. கடைசித் தேதியை அறிந்தவர் வேலையை எப்போது தொடங்குவது என்பதையும் அறிந்தவராகிவிடுவதில்லை. எனவே ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாளையும், அதற்கு முன் யாரிடமிருந்து எது வர வேண்டும் என்பதையும் சேர்த்து மாற்றி எழுதினேன். இ.எஸ்.ஐ.க்கு 15 கடைசி நாள் என்றாலும், வேலை தொடங்குவது 2ஆம் தேதி வருகைப் பதிவு வரும்போது. GSTR-3Bக்கு 20 கடைசி நாள் என்றாலும், கொள்முதல் விவரங்களைக் காட்டும் GSTR-2B 14ஆம் தேதிதான் தளத்தில் உருவாகிறது. அதை நம் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட இரண்டு முழு நாட்கள் வேண்டும். ஆகவே 15, 16 தேதிகளில் வேறு வேலை ஒப்புக்கொள்ளக் கூடாது, 18ஆம் தேதி வரித்தொகையை உரிமையாளரிடம் சொல்லிப் பணம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதினேன். இப்படி எழுதிய பிறகு, அந்த ஆறு மாதங்களுக்கு இது வேலை வாரியான குறிப்பைவிடத் தெளிவாக மேலானது என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் தேதிக் குறிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மாதந்தோறும் திரும்பி வரும் வேலையை அது நன்றாகச் சொல்லும். ஒரே ஒரு முறை நிகழப்போகும் விலக்கை அதனால் விளக்க முடியாது. எங்கள் தொழிலாளி ஒருவரின் செய்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏப்ரல், மே மாதங்களில் அவருடைய சம்பளம் 20,500 ரூபாய். ஜூன் முதல் 22,000 ரூபாயாக உயர்வதாக முடிவாகியிருந்தது. இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்பது கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே புதியவர் ஜூன் பட்டியலைப் போடும்போது 22,000 என்ற தொகையைக் கண்டதும் இ.எஸ்.ஐ. பிடித்தத்தை நிறுத்திவிடுவதே இயல்பு. அது தவறு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவர் இடையில் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் தொடர வேண்டும். அவருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 165 ரூபாய் தொழிலாளி பங்காகவும் 715 ரூபாய் நிறுவனத்தின் பங்காகவும் செலுத்தியாக வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டுப் பின்னர் கண்டுபிடித்தால், விட்டுப்போன தொழிலாளி பங்கை அவருடைய பிந்தைய சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது. நிறுவனமே இரண்டு பங்கையும் கட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்பைக் கொண்டே அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அவருக்கான நோய்க்காலப் பணப்பயன் கணக்கிடப்படுகிறது என்பது.

இந்தச் செய்தியை மூன்று அமைப்புகளும் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். வேலை வாரியான குறிப்பில் நான் எழுதியிருந்தது: ‘இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 ரூபாய். அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பிடித்தம் இல்லை.’ இது புதியவரை நேரே தவறுக்குள் அனுப்பும் வரி. தேதிக் குறிப்பில் இருந்தது: ‘ஜூலை 3 முதல் 5 வரை: ஜூன் மாதச் சம்பளப் பட்டியல், சம்பள உயர்வுகளைச் சேர்க்கவும்.’ தவறில்லை, ஆனால் எச்சரிக்கையும் இல்லை. மூன்றாவதாக, நடப்பிலுள்ள விவகாரங்களை மட்டும் தனித்தனியாக எழுதிய நிலுவைக் குறிப்பில் வந்தது இது: ‘வெல்டிங் பிரிவில் ஒருவருக்கு ஜூன் முதல் 22,000 ரூபாய். செப்டம்பர் சம்பளம் வரை இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடர வேண்டும். அக்டோபர் சம்பளத்தில், அதாவது நவம்பர் முதல் வாரம் நீங்கள் போடும் பட்டியலில், நிறுத்த வேண்டும். முன்பே நிறுத்தும்படி அவரே கேட்டாலும் நிறுத்த வேண்டாம்.’ கடைசி வாக்கியத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சம்பளம் உயர்ந்தவர்கள் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிலுவைக் குறிப்பு மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஏப்ரல் 10 தேதியிட்ட பட்டியலில் ஒரு துளையிடும் இயந்திரம் வாங்கியிருந்தோம். விலை 2,00,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 36,000 ரூபாய். அந்த 36,000 ரூபாயை ஏப்ரல் மாத அறிக்கையிலேயே இன்புட்டாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்தாகிவிட்டது. இயந்திரத்தின் மோட்டாரில் பழுது இருந்ததால், மாற்றித் தரும்வரை பணம் கொடுக்க வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். பட்டியல் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். பிறகு பணம் கொடுக்கும்போது மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த 180 நாட்கள் அக்டோபர் 7ஆம் தேதி முடிகின்றன, அதாவது நான் அலுவலகத்தில் இல்லாத காலத்தின் நடுவில். இதை நிலுவைக் குறிப்பில் மட்டும் எழுதிவைத்தால், ஜூன் மாதம் ஒருமுறை படிக்கப்பட்டு, அக்டோபருக்குள் மறக்கப்பட்டிருக்கும். தேதிக் குறிப்பில் மட்டும் ‘அக்டோபர் 7: 180 நாள் கெடு’ என்று எழுதினால், பணம் ஏன் நிறுத்தப்பட்டது என்று தெரியாமல் அவர் கெடுவுக்கு அஞ்சி முழுத் தொகையையும் அனுப்பிவிடக்கூடும். ஆகவே காரணத்தையும் கடிதப் போக்குவரத்தையும் நிலுவைக் குறிப்பில் வைத்து, தேதிக் குறிப்பில் செப்டம்பர் 20ஆம் நாளுக்கு எதிரே, ‘நிலுவை 2ஐப் படித்துவிட்டு உரிமையாளரிடம் கேட்கவும்: பணம் கொடுப்பதா, இன்புட்டைத் திருப்புவதா’ என்று எழுதினேன். அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு என் இடத்துக்கு வருபவருடையது அல்ல என்பதையும் அதே வரியில் சொன்னேன்.

முடிவில் கொடுத்தது தேதிக் குறிப்பை முதுகெலும்பாகவும், நிலுவைகளைத் தனிப் பக்கங்களாகவும் கொண்ட ஒரு கோப்பு. வேலை வாரியான குறிப்பு இரண்டு பக்கங்களாகச் சுருங்கிக் கடைசியில் சென்றது. கோப்புகளின் இடம், தொடர்பு எண்கள் போன்ற மாறாத விவரங்களுக்கு மட்டும் அது பயன்படுகிறது. வேலை ஏற்கெனவே தெரிந்த ஒருவர், உதாரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இருக்கையில் இருந்தவர், திரும்ப வந்து பார்ப்பதாக இருந்தால் நான் இந்த வரிசையை மாற்றி நிலுவைகளை முதலில் வைத்திருப்பேன்.

தளங்களில் நுழையும் உரிமையை ஒப்படைப்பதிலும் இரண்டு வழிகள் இருந்தன. என் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்துவிடுவது ஒன்று. அவர் பெயரிலேயே தனி உரிமை பெறுவது மற்றொன்று. முதல் வழி ஐந்து நிமிட வேலை. ஆனால் அதன்பின் வங்கியில் அவர் செய்யும் ஒவ்வொரு பரிமாற்றமும் என் பெயரில் பதிவாகும். பிழை நேர்ந்தால் அதைச் செய்தவர் யார் என்று எங்கள் இருவராலும் நிறுவ முடியாது. வங்கியில் அவர் பெயரில் தனி உரிமை பெற விண்ணப்பம், உரிமையாளர் கையெழுத்து, சரிபார்ப்பு என்று நாட்கள் ஆகின்றன. அந்த நாட்களைச் செலவிடுவதுதான் சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆகவே அதை விடுப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

மே மாதம் முழுவதும் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவரே எல்லாவற்றையும் செய்வது, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருப்பது என்று ஏற்பாடு செய்திருந்தோம். மே 2ஆம் தேதியே முதல் ஓட்டை தெரிந்தது. இரண்டாவது கூடத்தின் வருகைப் பதிவு ஏட்டில் வருவதில்லை, மேற்பார்வையாளர் என் வாட்ஸ்அப்பிற்குப் படமாக அனுப்புகிறார் என்பதை நான் எங்குமே எழுதவில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே வந்துகொண்டிருந்ததால் அது எனக்கு ஒரு தகவலாகவே தோன்றியிருக்கவில்லை. மே 18ஆம் தேதி GSTR-3Bயைத் தாக்கல் செய்யும் கடைசிப் படியில் அவர் நிறுத்திவிட்டு, “அக்கா, ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?” என்று கேட்டார். மேசைமேல் இருந்த என் கைபேசிக்குத்தான் வந்திருந்தது. அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் உரிமையாளர்தான். ஆனால் பதிவின்போது கொடுக்கப்பட்ட கைபேசி எண் என்னுடையது. அன்றே ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவுத் திருத்தம் கொடுத்து எண்ணை உரிமையாளருடையதாக மாற்றினோம். தேதிக் குறிப்பில் ஒவ்வொரு மாதமும் 19ஆம் நாளுக்கு எதிரே, ‘காலை 11 மணிக்கு உரிமையாளர் கூடத்தில் இருக்கிறாரா என்று முன்தினமே கேட்டு உறுதி செய்யவும்’ என்ற வரியை அவரே தன் கையால் சேர்த்தார்.