கல்யாண மண்டபத்துல ‘கிட்ஸ் கார்னர்’ புக் பண்ணப் போறீங்களா? ரூ.32,000 போனதைப் படிச்சுட்டுப் பண்ணுங்க

வாசல்ல கட்டின வாழைமரம் இன்னும் காயல, அதுக்குள்ள இதை எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். திருச்சியில நடந்த என் தம்பி கல்யாணத்துல, சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்க ஆள் ஏற்பாடு பண்ணின வகையில 32,000 ரூபாயை ஏமாத்தி வாங்கிட்டாங்க. பேர் போட வேண்டாம்னு வக்கீலா இருக்கிற சித்தப்பா சொல்லிட்டார். வீட்டு வேலைக்கும் விசேஷ வேலைக்கும் ஆள் பிடிச்சுத் தர்ற ஒரு செயலி. அதுல நிறைய நட்சத்திரத்தோட மேல நின்ன ஒரு பலூன் அலங்காரக் கடை. அந்த அளவுதான் சொல்ல முடியும். என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில சொல்றேன், முதல்ல நடந்ததைப் படிங்க.

சொந்தக்காரங்க நிறைஞ்ச மண்டபத்துல இதுக்குப் போய்த் தனியா ஆளான்னு எங்க வீட்டுலயே கேட்டாங்க. பிரச்சனை என்னன்னா, கைக்குழந்தைக்காரங்கதான் மேடைக்கும் தேவைப்படுறவங்க. மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டதும் மத்த ரெண்டு முடிச்சையும் நாத்தனார் போடணும். அது நான், எனக்கு ரெண்டரை வயசுப் பொண்ணு. பொரி அள்ளிக் கொடுக்கப் பொண்ணோட அண்ணன் வேணும், அவருக்கு இரட்டைப் பசங்க. மத்த நாள்ல குழந்தைங்களைப் பார்த்துக்கிற பாட்டிகள்தான் இங்க மணமக்களோட அம்மாக்கள், தாரை வார்க்க மேடையில இருப்பாங்க. வீட்டு ஆம்பளைங்க பந்தியிலயும் வரவேற்புலயும் நிப்பாங்க. அதனால முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கும் மறுநாள் காலை 6 மணியில இருந்து 7.30 வரைக்குமான முகூர்த்தத்துக்கும் சேர்த்து ஆள் போடலாம்னு முடிவாச்சு.

பிளே ஸ்கூல் நடத்துற என் சித்தி பொண்ணு கணக்குப் போட்டுக் கொடுத்தா. மொத்தம் 14 குழந்தைங்க, அதுல அஞ்சு பேர் மூணு வயசுக்குள்ள. அந்த வயசுல ஒருத்தர் ரெண்டு மூணு பேருக்கு மேல பார்க்க முடியாது, அதனால அவங்களுக்கே ரெண்டு பேர். பெரிய ஒன்பது பேருக்கு ரெண்டு பேர். ஒருத்தர் ஒரு குழந்தையை பாத்ரூம் கூட்டிட்டுப் போனாலும் மத்தவங்க பக்கத்துல ஆள் இருக்கும். இடம் எங்கன்னும் அவதான் சொன்னா: தரைத்தளத்துல, ஒரே கதவு இருக்கிற அறை, பக்கத்துலயே பாத்ரூம், சமையல்கட்டுப் பக்கம் கூடவே கூடாது. மேளம் கொஞ்சம் அடங்கிக் கேட்கிற இடமா இருந்தா இன்னும் நல்லது. மணமகள் அறைக்கு அடுத்த அறை அப்படியே பொருந்துச்சு. நாலு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டின குழந்தைங்களுக்கு ஆறரைக்குப் பசிக்கும், பந்தியோ தாலி கட்டின அப்புறம்தான். அதனால அஞ்சரைக்கே இந்த அறைக்கு இட்லியும் பாலும் அனுப்பணும்னு சமையல் மாஸ்டர்கிட்ட சொல்லி வெச்சிருந்தோம்.

இவ்வளவையும் அந்தக் கடைக்காரர்கிட்ட போன்ல ஒண்ணொண்ணா சொன்னேன். “நாலு ஆயாம்மா, எல்லாருமே ஸ்கூல்ல வேலை பார்த்தவங்க மேடம், நீங்க நிம்மதியா மேடையில நில்லுங்க”ன்னு வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டார். மொத்தம் 32,000. செயலி வழியா 20,000 அட்வான்ஸ் கட்டினோம்.

ரிசப்ஷன் அன்னிக்கு வந்தாங்க பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியல. சொன்னபடி நாலு பேர், ஒரே மாதிரி பருத்திப் புடவை, கழுத்துல அட்டை. அவங்கள்ல மூத்தவங்க தரையில உட்கார்ந்து நீள நோட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு குழந்தைக்கும் பேர், வயசு, அப்பா அம்மா நம்பர், என்ன சாப்பிட்டா ஒத்துக்காது, யார் வந்து கேட்டா அனுப்பணும் எல்லாத்தையும் எழுதினாங்க. குழந்தைங்க கையில நம்பர் போட்ட பட்டை கட்டினாங்க. என் பொண்ணு கழுத்துச் செயினைத் தானா கழட்டி என் கையில கொடுத்து, “தங்கத்தோட விடாதீங்கம்மா, எங்களுக்கும் பயம்”னு சொன்னாங்க. இப்படிச் சொல்றவங்களை யார் நம்பாம இருப்பாங்க? மூணு மணி நேரமும் ஒரு குழந்தைகூட அழல. பத்தரை மணிக்குக் கடைக்காரரே நேர்ல வந்து, “காலைல உங்களுக்கு நேரம் இருக்காது, பாக்கியை இப்பவே முடிச்சிடுங்க”ன்னார். அந்த நாலு பேரையும் பார்த்த சந்தோஷத்துல என் வீட்டுக்காரர் அங்கயே 12,000 அனுப்பினார். செயலியில இல்ல, அவர் கொடுத்த ஒரு நம்பருக்கு. அதுல வந்தது கடைப் பேர் இல்ல, யாரோ ஒரு ஆள் பேர். “நம்ம அக்கவுண்டன்ட்தான்”னார்.

காலைல அஞ்சரைக்கு இட்லி வந்துடுச்சு, அந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட வரல. ஆறு மணிக்கு ரெண்டு காலேஜ் பொண்ணுங்களும் ஒரு பையனும் வந்தாங்க. நோட்டு இல்ல, பட்டை இல்ல. நேத்து வந்த அக்கா எங்கன்னு கேட்டதுக்கு, அந்தப் பொண்ணு வெள்ளந்தியா சொல்லிடுச்சு: “அவங்க இன்னைக்கு வேற மண்டபம்கா. நாங்க வாசல்ல பன்னீர் தெளிக்க வர்றவங்க, எங்களை இங்க போட்டுட்டாங்க.” பெரிய முகூர்த்த நாள், அதே காலையில வேற மண்டபத்துக்கும் வாக்குக் கொடுத்திருக்காங்க. நல்ல ஆளை ராத்திரி காட்டி, காசை வாங்கிட்டு, காலைல அவங்களை அங்க அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணுங்க மேல எனக்குக் கோபம் இல்ல, என்ன வேலைன்னே அவங்ககிட்ட யாரும் சொல்லல.

கூட வந்த பையன், நாங்க கேட்காத ஒரு ஜம்பிங் பலூனை அறைக்கு வெளியே தாழ்வாரத்துல விரிச்சான். மோட்டார் ஓடுற வரைக்கும்தான் அதுல காத்து நிக்கும்ங்கிறதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். உள்ள அடைச்ச காத்து இல்ல, தையல் வழியா வெளிய போயிட்டே இருக்கும், மோட்டார் திரும்பத் திரும்ப ஊதிட்டே இருக்கும். முகூர்த்தம் நடுவுல கரெண்ட் போச்சு. ஜெனரேட்டர் வந்ததும் மேடை, ஹால் விளக்கு எல்லாம் எரிஞ்சது, தாழ்வாரத்து பிளக்குக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. பலூன் சுவர் அப்படியே மடிஞ்சு உள்ள குதிச்சிட்டிருந்த ஆறேழு குழந்தைங்க மேல விழுந்திருக்கு. பையன் டீ குடிக்கப் போயிருந்தான். அந்த நேரத்துலதான் மேடையில கெட்டிமேளம். கெட்டிமேளத்துல பக்கத்துல அழற குழந்தைச் சத்தமே கேட்காது, தாழ்வாரத்துல அழறது யாருக்குக் கேட்கும்? வீடியோக்காரரோட உதவியாள் ஒயர் எடுக்க வந்தவர் பார்த்துட்டு, துணியைத் தூக்கிப் பிடிச்சு ஒவ்வொருத்தரா இழுத்து வெளிய விட்டிருக்கார். அவர் மட்டும் வரலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

நான் முடிச்சு போட்டுட்டுத் திரும்பினா, படிக்கட்டுக்குக் கீழ சமையல் மாஸ்டர் என் பொண்ணை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறார். அவ பலூன் பக்கமே இல்ல. திறந்து கிடந்த அறைக் கதவு வழியா நடந்து, சாப்பாட்டு ஹாலைத் தாண்டி, ரசம் கொதிச்சிட்டிருந்த அண்டாகிட்ட போய் நின்னிருக்கா. பாவாடை ஓரம் முழுக்கக் கரி. “அடுப்புக்கு ரெண்டடிதான்மா இருந்துச்சு”ன்னு சொல்லும்போது அவர் குரலே சரியா வரல.

அன்னிக்கு மதியத்துல இருந்து போன் பண்றேன். முதல்ல “சார் வெளியூர்.” அடுத்து, “கரெண்ட் போனது மண்டபத்துத் தப்பு, அவங்களைக் கேளுங்க.” ஆள் ஏன் மாத்தினீங்கன்னு கேட்டா, “மூணு பேர் வந்தாங்கல்ல, வாசல்ல பன்னீருக்கு நின்ன பொண்ணையும் சேர்த்தா நாலு கணக்குதானே.” வாசல்ல நின்ன பொண்ணுக்குத் தனியா காசு கொடுத்தது நாங்க! அப்புறம் கடைக்காரரே பேசினார்: “உங்க குழந்தைக்கு ஒண்ணும் ஆகலல்ல மேடம், அப்புறம் எதுக்கு இதைப் பெருசாக்குறீங்க?” 32,000 ரூபாயை விட இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறல. பாதியாவது திருப்பிக் கொடுங்கன்னதுக்கு, அடுத்த விசேஷத்துக்கு இருபது பர்சன்ட் தள்ளுபடி தர்றாராம்.

செயலியில புகார் போட்டா, “நாங்கள் இணைப்பு மட்டுமே ஏற்படுத்தித் தருகிறோம்”னு ஒரு பதில். 12,000 வெளிய கட்டினதால அது அவங்க கணக்குலயே வராதாம். உள்ள கட்டின 20,000 என்ன ஆச்சுன்னு கேட்டா, பில்லுல இருக்கிற வேலை முடிஞ்சதா காட்டுதாம். பில்லுல என்ன இருக்குன்னா, “கிட்ஸ் ஸோன் செட்டப்”னு ஒரே வரி. பாய் விரிச்சு நாலு பொம்மை வெச்சாலே செட்டப் முடிஞ்சது. ஆளைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுதின விமர்சனமும் மறுநாள் காணாமப் போச்சு.

விடப் போறதில்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணியாச்சு. அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் இல்லாமலும் போடலாம். நாலு பேர்னு சொன்ன அந்த வாய்ஸ் மெசேஜ்தான் எங்ககிட்ட இருக்கிற பெரிய ஆதாரம்னு சித்தப்பா சொல்றார். நீங்களும் பேசினதை எழுத்துலயோ குரல்லயோ வாங்கி வெச்சுக்கோங்க.

கவனிக்க வேண்டியதை விவரமா எழுதணும்னுதான் நினைச்சேன், இப்ப முடியல. சட்டுனு சொல்லிடறேன். பில்லுல ‘செட்டப்’னு மட்டும் இருந்தா ஒத்துக்காதீங்க. எத்தனை ஆள், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், ராத்திரி வந்தவங்களேதான் காலைலயும் வருவாங்கன்னு எழுதி வாங்குங்க. பாக்கியைத் தாலி கட்டி முடிஞ்ச அப்புறம்தான் கொடுக்கணும், அதுவும் கடைப் பேர்ல இருக்கிற கணக்குக்கு மட்டும். ஜம்பிங் பலூன் மண்டபத்துக்குள்ள வேண்டவே வேண்டாம். மேடையில எந்த வேலையும் இல்லாத, குழந்தைங்களுக்கு முகம் தெரிஞ்ச ஒருத்தரை அந்த அறைக் கதவுகிட்டயே உட்கார வைங்க, அவங்க சாப்பிட எழுந்தா இன்னொருத்தர் வந்து உட்கார்ந்த அப்புறம்தான். முடிஞ்சா கடையே வேண்டாம், பக்கத்து பிளே ஸ்கூல் டீச்சருங்களை நேரா கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. அதே செயலியில, அதே படங்களோட, வேற பேர்ல ஒரு கடை நேத்து வந்திருக்கு. மஞ்சள் ஜமுக்காளம், பின்னால நீலப் பலூன் வளைவு, பருத்திப் புடவையில நாலு பேர். அந்தப் படத்தைப் பார்த்தா அட்வான்ஸ் கட்டிடாதீங்க. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இவங்ககிட்ட ஏற்கெனவே புக் பண்ணினவங்க யாராவது இருந்தா உடனே எனக்குத் தனியா எழுதுங்க. சேர்ந்து புகார் கொடுக்கலாம்.