128 ஜிபி என்று விற்ற மெமரி கார்டு: சாமக்கொடைப் படங்களை இழந்த கதை

திருநெல்வேலி சந்திப்பில் மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொடை மாதம் நடந்துகொண்டிருக்கிறது. என்னைப் போல ஊருக்கு ஒருவராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருப்பார்கள்.

சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையை நான்தான் வருடந்தோறும் படமெடுக்கிறேன். இந்த முறை குடியழைப்பு முதல் சாமக்கொடை வரை எல்லாவற்றையும் ஒரே கார்டில் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நடுவில் கார்டு மாற்றும்போது ஏதாவது ஒரு நல்ல தருணம் தவறிவிடுகிறது. அதற்காகச் சந்திப்பில் ஒரு கடைக்குப் போனேன். கம்பியில் வரிசையாகத் தொங்கிய பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் கடைக்காரர் சொன்னார்: "128 ஜிபி, தம்பி. இருபதாயிரம் படம் பிடிக்கும். அறுநூறு ரூபாய்தான்." மற்ற கடைகளில் அதே அளவுக்கு அதைப் போல இருமடங்குக்கு மேல் கேட்டிருந்தார்கள்.

அந்த இருபதாயிரத்தை நான் அங்கேயே வகுத்துப் பார்த்தேன். 128 ஜிபி என்றால் 1,28,000 எம்பி. அதை இருபதாயிரத்தால் வகுத்தால் ஒரு படத்துக்கு 6.4 எம்பி வருகிறது. என் கேமரா 24 மெகாபிக்சல். போன வருடக் கொடைப் படங்கள் இருக்கும் கோப்புறையில் 640 படங்கள், மொத்தம் 7,680 எம்பி. வகுத்தால் ஒரு படத்துக்குச் சராசரி 12 எம்பி. ஆக, என் கணக்கில் 1,28,000-ஐ 12-ஆல் வகுத்து 10,666 படங்கள். பாக்கெட்டில் போடும் எண்ணிக்கை யாரோ ஒருவரின் சிறிய படத்தை வைத்துப் போட்டது என்பது எனக்குத் தெரியும். அது ஏமாற்று அல்ல. எந்தப் படத்தை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். பத்தாயிரமே எனக்கு மிக அதிகம் என்பதால் வாங்கிவிட்டேன்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். வகுத்தல் சரியாக இருந்தது. ஆனால் மேலே வைத்த 128 உண்மைதானா என்று பார்க்கவில்லை. "கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுங்கள், அண்ணாச்சி" என்று கேட்டேன். போட்டார். திரையில் 119 ஜிபி என்று வந்தது. "128 என்று சொன்னால் இப்படித்தான் காட்டும், தம்பி" என்றார். அது உண்மைதான். கார்டு செய்பவர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டாகக் கணக்கிடுகிறது. 128-ஐ அப்படி மாற்றினால் 119.2 வரும். அந்தப் பற்றாக்குறைக்காகக் கடையில் சண்டை போட வேண்டாம். கணக்குப் போடும்போது கார்டின் அளவையும் படத்தின் அளவையும் ஒரே திரையிலிருந்து எடுத்துக்கொண்டால் விடை மாறாது. ஆனால், உண்மையான ஒரு விளக்கத்தைச் சொல்லி, பொய்யான பொருளை என் கையில் கொடுத்தார். திரையில் தெரியும் அந்த 119 என்பது, கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது மட்டுமே. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அளந்து பார்ப்பதில்லை.

கேமராவும் அளந்து பார்ப்பதில்லை. கார்டைப் போட்டதும் மீதமுள்ள படங்கள் 9999 என்று காட்டியது. என் கேமராவின் திரையில் நான்கு இலக்கத்துக்கு மேல் வராது. கார்டு சொல்லும் அளவை ஒரு சராசரிப் பட அளவால் வகுத்து அந்த எண்ணைப் போடுகிறது, அவ்வளவுதான். கார்டு பொய் சொன்னால் அந்த எண்ணும் பொய்.

குடியழைப்பு மாலையில் 420 படங்கள் எடுத்தேன். மறுநாள் மதியக் கொடைக்கு 610. அன்றிரவு சாமக்கொடைக்கு 700. கணியான் கூத்தில் மகுடம் அடித்தவர்களின் கை, பந்த வெளிச்சத்தில் வேட்டைக்குப் புறப்பட்ட சாமியாடி, படப்புக்கு முன்னால் அவர் நின்ற நிலை, எல்லாவற்றையும் எடுத்தேன். எங்கள் சாமியாடித் தாத்தாவுக்கு வயதாகிவிட்டது. அடுத்த கொடைக்கு மகன்தான் ஆடுவார் என்று அன்றைக்கே ஊரில் பேசிக்கொண்டார்கள். எடுத்த ஒவ்வொரு படமும் கேமராவின் பின்திரையில் பளிச்சென்று வந்துபோனது. எடுத்த கையோடு அங்கே தெரிவது கேமராவின் உள் நினைவில் இருக்கும் படம், கார்டிலிருந்து படித்துக் காட்டும் படம் அல்ல என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் 1,730 கோப்புகளும் பெயரோடு, அளவோடு இருந்தன. முதல் இரண்டு வேளைப் படங்களும் திறந்தன. சாமக்கொடையில் 235 படங்கள் வரை திறந்தன. 236-ஆவது படம் மேலே கொஞ்சம் தெரிந்து, கீழே முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திறக்கவில்லை. 465 படங்கள் போய்விட்டன. தாத்தா வேட்டையிலிருந்து திரும்பி வந்து ஆடியது அத்தனையும் அதற்குள்தான் இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். மாலைப் படங்கள் சராசரி 13 எம்பி, ஆக 420 படங்களுக்கு 5,460. மதியப் படங்கள் நல்ல வெயிலில் எடுத்தவை, சராசரி 11, ஆக 610 படங்களுக்கு 6,710. இரவுப் படங்கள் சராசரி 15. வெளிச்சம் குறைவான இடத்தில் ஐஎஸ்ஓவை உயர்த்தும்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது. அந்தப் புள்ளிகளை ஜேபெக் சுருக்க முடியாமல் கோப்பு பெருத்துவிடுகிறது. அப்படித் திறந்த 235 படங்களுக்கு 3,525. மூன்றையும் கூட்டினால் 15,695 எம்பி. அதாவது 15.7 ஜிபி. என் கையில் இருந்தது 16 ஜிபி கார்டு. அதன் மேல் 128 என்று அச்சடித்திருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், கார்டுக்குள் நினைவகச் சில்லு ஒன்றும் அதை ஆளும் சில்லு ஒன்றும் இருக்கின்றன. ஆளும் சில்லில் உள்ள நிரலை மாற்றி, 'நான் 128' என்று பதில் சொல்ல வைத்துவிடுகிறார்கள். உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் ஒழுங்காக எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு வருவதை, எழுதிவிட்டதாகச் சொல்லிவிட்டு வீசிவிடுகிறது. சில கார்டுகள் வீசுவதில்லை, முதலிலிருந்து பழைய படங்களின் மேலேயே எழுதிவிடுகின்றன. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் என் கார்டில் பெயரும் அளவும் கெடாமல் நின்றன. உள்ளே படம் மட்டும் இல்லை.

படங்களை மீட்டுத் தருகிறேன், மூவாயிரம் ரூபாய் ஆகும் என்றார் ஒருவர். கொடுக்கவிருந்தேன். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பர் தடுத்தார். திறக்காத கோப்பு ஒன்றின் பைட்டுகளை அப்படியே திரையில் விரித்துக் காட்டினார். தொடக்கம் முதல் கடைசி வரை வெறும் சுழியம். அழிந்த படத்தை மீட்க வாய்ப்பு உண்டு. எழுதப்படாத படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. போலிக் கார்டில் இடம் தீர்ந்த பிறகு எடுத்த படங்களுக்காக யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கார்டு வாங்கியதும் படமெடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கார்டைக் கடைசி பைட் வரை நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் H2testw என்ற இலவச நிரல் அதைச் செய்கிறது. லினக்ஸில் f3 இருக்கிறது. அதற்கு இரண்டு கட்டளைகள் போதும். கார்டு இணைந்திருக்கும் இடத்தின் பெயரை மட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```
f3write /media/card
f3read /media/card
```

முதல் கட்டளை முடிந்ததும் கார்டைக் கழற்றி மறுபடியும் செருகிவிட்டு இரண்டாவதைக் கொடுப்பது நல்லது. இல்லையென்றால் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருப்பதையே திருப்பிப் படித்துவிட வாய்ப்பு உண்டு. நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் 128 ஜிபி நிரம்ப ஒரு மணி நேரம் 47 நிமிடம் ஆகும், படிக்கும் நேரம் தனி. 32 ஜிபி என்றால் நிரப்ப 27 நிமிடம் போதும். கடைக்காரர் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார் என்பதால், சோதித்துவிட்டுத் திருப்பித் தரலாமா என்று முதலிலேயே கேட்டு, பில்லில் கொள்ளளவை எழுதி வாங்குங்கள். நான் வாங்கிய துண்டுச் சீட்டில் 'கார்டு 600' என்று மட்டும் இருந்தது.

எத்தனை ஜிபி வாங்குவது என்பதற்கும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமராவில், அதே மாதிரி நிகழ்ச்சியில், அதே மாதிரி வெளிச்சத்தில் எடுத்த பழைய கோப்புறையின் மொத்த அளவைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுங்கள். பகல் படங்களின் சராசரியை இரவுக்கு வைத்தால் தவறும், என் 11-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து நான் எடுத்த 1,730 படங்களுக்கு வேண்டிய இடம் 22,670 எம்பி, அதாவது 23 ஜிபி கூட இல்லை. பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தாலும் நல்ல 32 ஜிபி கார்டு ஒன்றே போதுமாயிருந்திருக்கும். ரா கோப்பும் சேர்த்து எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ராவுக்கு 25, ஜேபெக்குக்கு 12 என்றால் ஒரு சொடுக்குக்கு 37 எம்பி, 32 ஜிபியில் 864 படங்கள்தான். அவர்கள் இரண்டு மூன்று கார்டுகளாக வாங்கிக்கொள்ளட்டும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "ஃபார்மட் சரியில்லாமல் இருக்கும், தம்பி. வேறு கார்டு தருகிறேன்" என்று அதே கம்பியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சோதனையை ஓட்டினேன். அதிலும் 15 ஜிபிச் சொச்சத்துக்கு மேல் எதுவும் தேறவில்லை. திரையைக் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யப் போகிறேன் என்று சொன்ன பிறகு அறுநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கார்டுகளையும் வாங்கி, மறுபடியும் பாக்கெட்டில் போட்டு, அதே கம்பியில் மாட்டினார். கொடுக்கும் முன் இரண்டின் பின்புறத்திலும் அழியாத மையால் 16 என்று எழுதியிருந்தேன். சந்திப்பில் அப்படி எழுதிய கார்டு உங்கள் கைக்கு வந்தால் வாங்காதீர்கள். அதே கம்பியில் எழுதாமல் தொங்கும் மற்றவையும் அதே சரக்குதான்.