கேம் ஆட போன் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்

போன தடவை தீபாவளிக்கு என்று இல்லை, அதற்கு முந்தைய தடவை, 2024 அக்டோபரில் நடந்தது இது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். ஊரில் நாலு பேருக்கு போன் வாங்கிக் கொடுத்தவன், எனக்கு வாங்கும்போது ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும். போன வாரம் என் சித்தி மகன் அதே கதையில் காலை வைக்கப் போனான், அதனால் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஆட வேண்டும், பட்ஜெட் 32,000. கடைப் பையன் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தான். "அண்ணே, இது வந்தப்போ நாப்பத்தஞ்சாயிரம். டாப் பிராசசர். இப்ப தீபாவளி ஆஃபர்ல முப்பத்தொன்றரைக்கு முடிச்சுத் தர்றேன், நாலு வருஷம் அப்டேட் வேற" என்றான். டெமோ போனில் வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் ஒரு பெஞ்ச்மார்க் ஓட்டிக் காட்டினான், மதிப்பெண் பிரமாதமாக வந்தது. பக்கத்தில் இருந்த அதே விலைப் புது மாடலில் ஓட்டினான், அதில் பாதிதான். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கார்டைத் தேய்த்துவிட்டேன்.

அந்த ஓட்டம் முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அதுவும் ஏசி போட்ட கடைக்குள். இந்த இரண்டு விஷயமும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் ஏசி கிடையாது, மதியம் அறையில் 33 டிகிரி இருக்கும். முதல் மேட்ச் வெண்ணெய் மாதிரி ஓடியது, நொடிக்கு 60 பிரேம் அசையவே இல்லை. இரண்டாவது மேட்சின் பாதியில் திரை வெளிச்சம் தானாகக் குறைந்தது. ஆட்டோ பிரைட்னஸ்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்து அதை அணைத்தேன், அப்படியும் மங்கல்தான். கடைசி வட்டத்தில் எதிரி எதிரே நிற்கும்போது பிரேம் 40க்கு இறங்கி, விரலை இழுத்தால் துப்பாக்கி ஒரு நொடி கழித்துத் திரும்புகிற மாதிரி ஆனது. போனின் பின்பக்கத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் விரல் வைக்க முடியவில்லை.

வெளிச்சம் குறைந்ததும் பிரேம் இறங்கியதும் ஒரே காரணத்தால்தான். போனின் வெளிப்புறம் ஒரு அளவுக்கு மேல் சூடாகிவிட்டால் கையைச் சுடக் கூடாது, பேட்டரியும் கெடக் கூடாது என்று போனே சிப்பின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும், திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதையும் மெதுவாக்கும். இது எல்லா போனிலும் உண்டு, கோளாறு இல்லை. எத்தனையாவது நிமிடத்தில் இழுத்துப் பிடிக்கிறது, பிடித்த பிறகு எவ்வளவு மிச்சம் விடுகிறது என்பதில்தான் போனுக்கு போன் வித்தியாசம். கடையில் பார்க்க முடியாததும் அதுதான்.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. 3டிமார்க் என்ற செயலியில் Wild Life Extreme Stress Test என்று ஒரு சோதனை உண்டு. ஒரு நிமிடக் காட்சி ஒன்றை இடைவெளி விடாமல் 20 தடவை ஓட்டும். முடிவில் நல்ல சுற்றின் மதிப்பெண், மோசமான சுற்றின் மதிப்பெண், இரண்டுக்கும் உள்ள விகிதம் என்று மூன்று எண் காட்டும். என் போனில் நல்ல சுற்று 2,480, மோசமான சுற்று 1,390, அதாவது 56 சதவீதம். கடையில் நான் பார்த்து மயங்கியது முதல் எண்ணை. நான் ஆடிக்கொண்டிருந்தது இரண்டாவது எண்ணில். நண்பன் 4,000 ரூபாய் குறைவாகக் கொடுத்து வாங்கிய நடுத்தர போனை அதே அறையில் அதே நேரத்தில் வைத்து ஓட்டினோம். நல்ல சுற்று 1,910, மோசமான சுற்று 1,850. தொடக்கத்தில் என்னைவிட மெதுவாக ஓடிய போன், 20 நிமிடத்தில் என்னுடையதை முந்திப் போய்விட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, யூடியூபில் விமர்சனம் பார்த்தால் பெரிய எண்ணை விட்டுவிட்டு, 20 சுற்றின் கோடு எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் ஏசி அறையில் சோதிக்கிறார்கள், நம் ஊர் மே மாதத்துக்கு அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

குளிர்விக்கும் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று. பெட்டியில் வேப்பர் சேம்பர் இத்தனை ஆயிரம் சதுர மில்லிமீட்டர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது பொய் இல்லை. காகிதம் மாதிரி மெல்லிய, மூடிய செப்புத் தகட்டுக்குள் துளி நீர், சிப்புக்கு மேலே ஆவியாகி ஓரத்தில் போய்க் குளிர்ந்து திரும்பும். ஆனால் அது சூட்டை ஓர் இடத்திலிருந்து போன் முழுக்கப் பரப்பத்தான் செய்யும், போனை விட்டு வெளியே துரத்தாது. வெளியே போக வேண்டியது பின்பக்கம் வழியாக. அதன் மேல் தடித்த ரப்பர் கவர் போட்டு, சார்ஜரையும் சொருகிக்கொண்டு ஆடினால் எந்தத் தகடும் உதவாது. நான் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன். கவரைக் கழற்றிவிட்டு, சார்ஜ் போடாமல், மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து ஓட்டியபோது 56 என்பது 64 ஆனது. அவ்வளவுதான். சில போன்களில் சார்ஜரின் மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராக போனுக்குப் போகும் வசதி இருக்கிறது, வயரோடு ஆடுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கவ்வும் ஐஸ் கூலரும் வாங்கிப் பார்த்தேன். பிரேம் இறங்காமல் நின்றது, ஆனால் புழுக்கமான நாளில் பின்பக்கம் பனிக்கால ஜன்னல் மாதிரி வியர்த்துவிட்டது. போனுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டேன்.

சேமிப்பிடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 128 ஜிபி வாங்கினேன். அதில் சிஸ்டமும் கடைக்காரர்கள் திணித்த செயலிகளும் போக, கென்ஷின் என்ற கேம் ஒன்றே 30 ஜிபிக்கு மேல் விழுங்கியது, அப்புறம் பிஜிஎம்ஐ, வாட்ஸ்அப் குப்பை. நிரம்பி வழியும் சேமிப்பிடம் எழுதுவதிலும் மெதுவாகும், அப்டேட் இறங்கவும் இடம் கேட்கும். இதைவிடத் தெரியாத விஷயம் ஒன்று: ஒரே மாடலில் 128 ஜிபிக்கும் 256 ஜிபிக்கும் அளவு மட்டும் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்23ல் 128 ஜிபி வகைக்கு யுஎஃப்எஸ் 3.1 என்ற பழைய தலைமுறை சேமிப்புச் சிப், 256க்கு அடுத்த தலைமுறையான யுஎஃப்எஸ் 4.0. வேகமே வேறு. "8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ராம்" என்று பையன் இன்னொன்றும் சொல்லியிருந்தான், அந்த இரண்டாவது 8 இந்தச் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. ராம் வேகத்துக்கு அது பக்கத்தில்கூட வராது. கேமுக்கு அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இப்போது அந்த நாலு வருஷ அப்டேட்.

வாங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இருந்தது: 2022 மார்ச். புது போன் என்று நான் வாங்கியது, இரண்டரை வருஷம் கோடவுனில் படுத்திருந்த சரக்கு. நிறுவனம் சொன்ன நாலு வருஷப் பாதுகாப்பு அப்டேட் உண்மைதான், ஆனால் அது அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த 2022 பிப்ரவரியிலிருந்து எண்ணப்படுகிறது. நான் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. ஆக எனக்குக் கிடைத்தது 16 மாதம். ஆண்ட்ராய்டு பெரிய பதிப்பில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பிக்சல் 8ம் கேலக்ஸி எஸ்24ம் ஏழு வருஷம் என்கின்றன, அதுவும் இப்படித்தான் எண்ணப்படும், வந்து மூன்று வருஷம் கழித்து வாங்கினால் நாலுதான். போன் கையில் இருந்தால் செட்டிங்ஸில் About phone போய் Android security update தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்து புதுசும் இறங்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்டேட் நின்றால் கேம் ஓடாதா என்று கேட்பீர்கள். ஓடும், பல வருஷம் ஓடும். கிராபிக்ஸ் டிரைவர் சரிசெய்தல் பெரும்பாலும் சிஸ்டம் அப்டேட்டோடு வருகிறது, அதனால் புது கேமில் நிழல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அப்படியேதான் இருக்கும். எனக்குக் கவலை கேம் இல்லை, அதே போனில்தான் யுபிஐயும் வங்கிச் செயலியும் இருக்கின்றன.

பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நான் நாலு வருஷம்னு கம்பெனி சொன்னதைத்தானே சொன்னேன், அண்ணே" என்றான். சண்டை போட்ட பிறகு மேலாளர் வந்து, மாற்றித் தருகிறோம், "ஸ்னாப்டிராகன் 7 ஜென் 2" சிப் இருக்கிற புது மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், 2,000 மேலே போடுங்கள் என்றார். நல்லவேளை, இந்தத் தடவை பெட்டியைப் படித்தேன். 7எஸ் ஜென் 2 என்றிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டு நான் நினைத்தது 7 பிளஸ் ஜென் 2, அது கார்டெக்ஸ் எக்ஸ்2 என்ற வேகமான கோர், அட்ரினோ 725 என்ற கிராபிக்ஸ் பகுதி இரண்டும் உள்ள வலுவான சிப். 7எஸ் ஜென் 2வில் இருப்பது ஏ78 கோர், அட்ரினோ 710, நடுத்தரம்தான். நடுவில் ஒரே ஒரு எழுத்து, கேமில் இரண்டும் வேறு வேறு உலகம். வாயால் சொல்லும்போது அந்த எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.

1915க்கு அழைத்து நுகர்வோர் புகாரும் கொடுத்தேன். கடையின் பதில், பெட்டியில் தேதி அச்சிட்டிருக்கிறது, வாடிக்கையாளர் பார்த்துத்தான் வாங்கினார். "நாலு வருஷம்" என்று அவன் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பில்லில் மாடல் பெயரும் ஐஎம்இஐ எண்ணும் மட்டும். புகார் அங்கேயே முடிந்தது.

நாலு மாதம் கழித்து அதை 16,000க்குத் தள்ளிவிட்டேன். வாங்க வந்தவரிடம் தயாரித்த மாதத்தையும் 56 சதவீதத்தையும் சொல்லித்தான் விற்றேன், அவர் கேம் ஆடுகிறவர் இல்லை, கேமரா பிடித்திருந்தது. சித்தி மகனைப் போன வாரம் வீடியோ காலில் கூப்பிட்டு, கடையில் நின்றுகொண்டே பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். 2023 ஜூன் என்றிருந்தது. வைத்துவிட்டு வெளியே வாடா என்றேன்.