இரவுப் படமும் இரவு வீடியோவும்: ஐஎஸ்பி, என்பியூ பற்றி நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

புது ஃபோன் வாங்குபவர்கள் என்னிடம் கேமராவைப் பற்றிக் கேட்டால், இருட்டில் ஒரு படமும், அதே இடத்தில் நின்று ஒரு வீடியோவும் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். மெகாபிக்சலோ, சிப்பின் கணக்கிடும் வேகத்தைச் சொல்லும் டாப்ஸ் எண்ணிக்கையோ சொல்லாத விஷயத்தை அந்த இரண்டும் சொல்லிவிடும். ஒரே ஃபோனைப் பல வருடங்களாக வைத்து இரவில் நிறையப் படம் எடுப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டது இதுதான். என் ஃபோனில் இரவுப் படம் பிரமாதமாக வரும், இரவு வீடியோ சுமாராக இருக்கும். லென்ஸ், சென்சார், சிப் எல்லாம் ஒன்றேதான். மாறுவது, வேலையை முடிக்கக் கிடைக்கும் நேரம்.

வீடியோ நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிவினாடி. அதற்குள் அதை முடித்து அனுப்பியாக வேண்டும், அடுத்தது வந்து நிற்கும். படத்துக்கு அந்த அவசரம் கிடையாது. பட்டனை அழுத்தியதும் கேலரியைத் திறந்தால் முதலில் மங்கலாக ஒரு படம் தெரிந்து, ஓரிரு நொடியில் சட்டென்று தெளிவாவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நொடிகளில்தான் பல ஃப்ரேம்களைச் சேர்ப்பது, நியூரல் மாடல்களை ஓட்டுவது எல்லாம் நடக்கிறது. 33 மில்லிவினாடிக்குள் ஓடும் வேலையின் பெரும்பகுதி ஐஎஸ்பி என்ற இமேஜ் சிக்னல் பிராசஸருடையது. ஆற அமரச் செய்யும் வேலையில்தான் என்பியூ என்ற நியூரல் பிராசஸிங் யூனிட்டுக்குப் பெரிய பங்கு. சில புதிய சிப்களில் வீடியோவிலும் நியூரல் மாடல் ஓடுகிறது என்றாலும், கால நெருக்கடியால் அது சிறிய மாடலாகத்தான் இருக்க முடியும்.

ஐஎஸ்பி என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஓப்பன் கேமரா போன்ற செயலியில், சென்சார் அளந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் சேமிக்கும் வசதியை இயக்கி, ஒரே காட்சியை ரா கோப்பாகவும் ஜேபெக்காகவும் எடுத்துக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா ஃபோனும் இதை அனுமதிக்காது, அனுமதித்தால் அரை மணி நேரம் செலவிடத் தகுந்த வேலை.

ஒரு 12 மெகாபிக்சல் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தின் வடிகட்டி மட்டுமே இருக்கிறது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நாம் பார்க்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறமும் வேண்டும், ஆக மொத்தம் 3 கோடியே 60 லட்சம் மதிப்புகள். சென்சார் அளந்தது 1 கோடியே 20 லட்சம். மீதி மூன்றில் இரண்டு பங்கை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஐஎஸ்பி கணித்து நிரப்புகிறது. அதனால், 'ஏஐ கலக்காத அசல் படம்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. டிஜிட்டல் கேமராவில் பெரும்பாலான படங்கள் தொடக்கத்திலேயே கணிப்பு கலந்தவைதான்.

இனி எண்களோடு பார்ப்போம். 10 பிட் சென்சாரில் ஒரு பிக்சலின் மதிப்பு 0 முதல் 1023 வரை போகும். ஆனால் முழு இருட்டிலும் அது பூஜ்ஜியம் காட்டாது. பல சென்சார்களில் 64 என்ற அடிமட்ட அளவு வைத்திருப்பார்கள், ஐஎஸ்பி முதலில் அதைக் கழிக்கும். இருட்டில் ஒரு சுவர் 72 என்று பதிவானால், உண்மையான வெளிச்சம் வெறும் 8. அந்த 8-ல் மேலும் கீழுமாக 3 அளவுக்கு நாய்ஸ் என்ற தாறுமாறான பிழை ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் கண்ணுக்குத் தெரிய அதைப் பத்து மடங்கு பெருக்கினால், நாய்ஸும் பத்து மடங்கு ஆகிவிடும். அடுத்து, லென்ஸ் வழியாக மூலைகளுக்கு வெளிச்சம் குறைவாகவே வந்து சேர்கிறது. அதைச் சமப்படுத்த ஐஎஸ்பி மூலைகளை மட்டும் இன்னும் பெருக்கும். இரவு வீடியோவில் ஓரங்கள் நடுப்பகுதியை விட அதிகமாகப் பொரிப்பொரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இதெல்லாம் முடிந்து ஒயிட் பேலன்ஸ், நிறத் திருத்தம், நாய்ஸ் குறைப்பு, கூர்மையாக்குதல் என்று வரிசையாகப் போகும். முழுப் படத்தையும் மெமரியில் வைத்துக்கொண்டு யோசிக்காமல், சில வரிகளை மட்டும் கையில் வைத்து வரி வரியாகச் செய்துகொண்டே போவதால்தான் 30 ஃப்ரேமுக்கு நொடிக்கு 36 கோடி பிக்சலைக் குறைந்த பேட்டரியில் ஐஎஸ்பியால் சமாளிக்க முடிகிறது.

வீடியோவில் நாய்ஸைக் குறைக்க ஐஎஸ்பி முந்தைய ஃப்ரேமை உதவிக்கு எடுத்துக்கொள்ளும். அதைச் சோதிக்க நான் செய்வது இது: இருட்டான அறையில் ஃபோனை அசையாமல் பிடித்துச் சில நொடி வீடியோ எடுத்து, பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி, மறுபடி நிறுத்துவேன். நிற்கும்போது சுத்தமாக இருக்கும் சுவரில், திருப்பும்போது பொரி கிளம்பும், அல்லது சுவரின் சொரசொரப்பு மெழுகு பூசியது போல வழுக்கிவிடும். நிறுத்தியதும் அரை நொடியில் மறுபடி சுத்தமாகும். நல்ல ஐஎஸ்பியில் இந்த மாற்றம் லேசாகத்தான் தெரியும். என் ஃபோனில் பளிச்சென்று தெரிகிறது, அதுதான் அதன் உண்மையான தரம்.

இரவுப் படத்தில் கதை வேறு. வெளிச்சம் குறைவாகப் பல ஃப்ரேம்களைச் சடசடவென்று எடுத்து, கை அசைவுக்கு ஏற்ப அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறார்கள். கூகுள் எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் பரவலாக்கிய வழி இது. 9 ஃப்ரேம்களைச் சேர்த்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும், ஏனென்றால் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படி. மேலே சொன்ன சுவரில் 3 என்று ஆடிய நாய்ஸ் 1 ஆகிவிடும், 8 அப்படியே நிற்கும். படம் தெளிவானதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான், என்பியூ அல்ல. விளம்பரத்தில் 'ஏஐ நைட் மோடு' என்று போட்டிருந்தாலும், அடிப்படை உழைப்பு ஃப்ரேம்களைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது. அந்தச் சேர்ப்பைச் சிப்பின் கிராபிக்ஸ் பகுதியான ஜிபியூவோ, சிக்னல் கணக்குக்கான டிஎஸ்பியோ, ஐஎஸ்பியோ செய்வது சிப்புக்குச் சிப் மாறும்.

இதை உறுதிசெய்துகொள்ள, இரவுப் படத்தில் நடந்துபோகிற ஆளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவர் சுத்தமாகவும், அந்த ஆள் மட்டும் பொரியாகவோ வண்ணம் கரைந்தது போலவோ இருப்பார். ஆள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் இருப்பதால் அங்கே சேர்க்க முடியாது. சேர்த்தால் பேய் உருவம் போல இரட்டையாகத் தெரியும். அதனால் அந்தப் பகுதிக்கு ஃபோன் ஒரே ஒரு ஃப்ரேமை வைத்துக்கொண்டு, அதில் உள்ள நாய்ஸைத் தேய்த்துவிடுகிறது. இரவில் குழந்தைகளின் முகம் சரியாக வருவதில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

என்பியூவின் கை தெரிவது வேறு இடங்களில். வானம் எது, தோல் எது, முடி எது என்று பிரித்துத் தனித்தனியாகத் திருத்துவது, போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை வெட்டுவது, ஜூம் செய்த படத்தைக் கூர்மையாக்குவது. பின்னணியைப் பிரிக்கும் மாடல் பொதுவாகப் படத்தைச் சிறிதாக்கித்தான் பார்க்கும். பிறகு அந்த எல்லைக்கோட்டை முழு அளவுக்கு இழுப்பதால், பறக்கும் முடியும் கண்ணாடி ஃப்ரேமின் கம்பியும் பின்னணியோடு சேர்ந்து மங்கிவிடும். இதையாவது மன்னிக்கலாம். எனக்குக் கவலை தருவது ஜூம். தூரத்துப் பலகையைப் பெரிதாக்கி எடுத்தால் சில ஃபோன்களில் எழுத்தின் விளிம்பு கத்தி போல இருக்கும், ஆனால் அது எந்த எழுத்தும் அல்ல. சென்சாரில் இல்லாத விவரத்தை மாடல் தன் பயிற்சியிலிருந்து வரைந்துவிடுகிறது. மங்கலான எழுத்து 'தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லும், கூர்மையான தவறான எழுத்து நம்பவைத்துவிடும். வண்டி எண், ரசீது, மருந்துப் பெயர் போன்றவற்றை நான் ஜூமில் எடுப்பதே இல்லை. பக்கத்தில் போய் எடுக்கிறேன்.

இனி கேமராவுக்கு வெளியே. ஒரு வசதி ஃபோனிலேயே ஓடுகிறதா என்று அறிய ஏரோபிளேன் மோடே போதும், வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். என் ஃபோனில் படத்திலிருந்து எழுத்தை எடுப்பதும், பேச்சுக்கு வரிகள் போடுவதும் அப்படியே ஓடுகின்றன. படத்தில் தேவையில்லாத பொருளை அழிக்கும் வசதியில் எளியது ஓடுகிறது, பெரியது இணையம் கேட்கிறது. கேலரியில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடுவதும் இங்கேயே நடப்பதுதான். ஆனால் அதற்கான அட்டவணையை, சார்ஜில் போட்டு ஃபோன் சும்மா இருக்கும்போதே பெரும்பாலும் தயாரிக்கிறது. புது ஃபோனில் தேடல் எதையும் காட்டவில்லை என்றால் சில இரவுகள் சார்ஜில் விட்டுப் பாருங்கள்.

எழுத்தைச் சுருக்கித் தரும் மொழி மாடல்களில்தான் டாப்ஸ் கணக்கு அதிகம் குழப்புகிறது. ஒரு டாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. 2017-ல் ஆப்பிளின் ஏ11 சிப் நொடிக்கு 60,000 கோடி, அதாவது 0.6 டாப்ஸ் என்றது, இன்றைய சிப்கள் பல பத்து டாப்ஸ் சொல்கின்றன. ஆனால் 300 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கற்றுவைத்த எண்கள், உள்ள மாடலை 4 பிட்டில் சுருக்கினாலும் அது 1.5 ஜிபி. ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் அந்த 1.5 ஜிபியை மெமரியிலிருந்து முழுவதுமாகப் படிக்க வேண்டும். வேகமான ஃபோன் மெமரி நொடிக்குச் சுமார் 68 ஜிபி தரும் என்றால், உச்சபட்சம் நொடிக்கு 45 சொல்துண்டுதான். என்பியூவை இரட்டிப்பாக்கினாலும் இந்த எண் நகராது. நீளமான கட்டுரையைக் கொடுத்தபின் முதல் சொல் வரும்வரை காத்திருக்கிறோமே, அந்த நேரத்தைத்தான் டாப்ஸ் குறைக்கும். அதோடு அந்த 1.5 ஜிபி ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். ரேம் குறைந்த ஃபோனில் இந்த வசதி வராததற்கும், வந்தால் பின்னணிச் செயலிகள் மூடிப்போவதற்கும் இதுதான் காரணம்.

இடையில் ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு என் ஃபோனில் இரவு நேரத் தோல் நிறம் மஞ்சளுக்குப் போனது, அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்தது. வன்பொருள் அதேதான். எவ்வளவு நாய்ஸ் இருந்தால் எவ்வளவு தேய்ப்பது, எந்த விளக்குக்கு எந்த ஒயிட் பேலன்ஸ் என்று ஐஎஸ்பிக்குக் கொடுக்கும் நூற்றுக்கணக்கான அளவுகளை ஒவ்வொரு சென்சாருக்கும் லென்ஸுக்கும் தனியாக அளந்து பொருத்துகிறார்கள். ஒரே சிப் உள்ள இரண்டு ஃபோன்கள் வெவ்வேறு மாதிரிப் படம் எடுப்பது இதனால்தான். ஆகவே புதிதாக வந்த ஃபோன் என்றால் முதல் வார மாதிரிப் படங்களை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ஓரிரு அப்டேட் வந்தபின் எடுத்த இரவு வீடியோக்களைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.