“தேர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை”ன்னு போட்ட கோச்சிங்ல 18,000 ரூபாய் போச்சு: டெல்லியில் சிசாட் கிராஷ் கோர்ஸ் தேடறவங்களுக்கு எச்சரிக்கை

கோபத்தோடதான் எழுதறேன், வார்த்தை முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. அக்கா பையன் மதுரையிலிருந்து வந்து ராஜேந்திர நகர்ல பிஜியில தங்கி சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸ்க்குப் படிக்கறான். தமிழ் மீடியம். முதல் தாளான பொது அறிவு, அதாவது ஜிஎஸ், ஓரளவு ஓடுது. கணக்கு, ரீசனிங், பத்தி வாசிப்பு வர்ற ரெண்டாவது தாளான சிசாட் தான் பயம். அந்தப் பயத்தைக் குறிவச்சு விளம்பரம் போட்ட ஒரு கோச்சிங் மையத்துல 18,000 ரூபாய் கட்டியாச்சு. வகுப்பறையும் ஆப்பும் சேர்ந்த வகை மையம். பேர் போடல, நுகர்வோர் புகார் ஓடிக்கிட்டிருக்கு.

இன்ஸ்டாவில் போட்டிருந்த கேப்ஷன் இதுதான்: “45 நாள் சிசாட் கிராஷ் கோர்ஸ். தேர்ச்சிக்கோ ரேங்க்குக்கோ நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. உழைப்பு உங்களுடையது, வழிகாட்டல் எங்களுடையது. 80-ல் வெறும் 27 கேள்வி சரியாகப் போட்டால் போதும். தினசரி வகுப்பு, முழு மாதிரித் தேர்வுகள், தனி வழிகாட்டி, தமிழிலும் விளக்கம். சில இடங்களே உள்ளன.”

பையனை விழவச்சது அந்த இரண்டாவது வரிதான். “மாமா, மத்தவங்க எல்லாம் டாப்பர் போட்டோ ஒட்டி கத்தறாங்க. இவங்க மட்டும் உத்தரவாதம் இல்லைன்னு நேர்மையா சொல்றாங்க பாருங்க”ன்னான். சேர்க்கை மேசையில் இருந்த அம்மாவும் அதையேதான் சொன்னாங்களாம்: “நாங்க பொய் சொல்லி ஆள் சேர்க்கறதில்லை தம்பி.” அப்பவே க்யூஆர் ஸ்கேன் பண்ணி 18,000 அனுப்பிட்டான்.

உத்தரவாதம் இல்லைன்னு எழுதறது அவங்க பெருந்தன்மை ஒண்ணும் இல்லை. 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்குன்னே வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்துச்சு. தேர்ச்சி, ரேங்க், வேலைன்னு எதையும் உறுதி சொல்லி விளம்பரம் பண்ணக்கூடாது. தேர்ச்சி பெற்றவங்க போட்டோ போட்டா அவங்க எந்தக் கோர்ஸ்ல, எவ்வளவு காலம் படிச்சாங்க, காசு கட்டியா இலவசமான்னு சேர்த்துச் சொல்லணும். இல்லாத அவசரத்தைக் காட்டி ஆள் சேர்க்கறதும் தப்பு. ஆக அந்த ஒரு வரி ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டற மாதிரிதான், அபராதத்துக்குப் பயந்து செய்யறது. அதே கேப்ஷன்ல “சில இடங்களே உள்ளன” இன்னைக்கும் அப்படியே இருக்கு. பேட்ச் ஆரம்பிச்ச பிறகும் ஆள் சேர்ந்துக்கிட்டே இருந்தாங்க.

இப்போ அந்த 27 கணக்கு. சிசாட்ல 80 கேள்வி, 200 மார்க், கேள்விக்கு 2.5. தகுதி பெற 33 சதவீதம், அதாவது 66 மார்க். 27 சரியா இருந்தா 67.5 வருது, அது வரைக்கும் சரி. தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், கேள்விக்கு 0.83. 27 சரி, 2 தப்புன்னாலே 65.83, வெளியே. அதாவது 27 போதும்கற பேச்சு, தப்பே பண்ணாதவனுக்கு, ஏறக்குறைய அவனுக்கு மட்டும். சிசாட்ல தடுமாறறவன் அப்படியா எழுதுவான்? அவனுக்குத் தேவை எதைத் தொடாம விடணும்கற பயிற்சி. அதைச் சொல்ற வரி கேப்ஷன்ல கிடையாது, வகுப்புலயும் கிடையாது.

இதுல இன்னொரு கூத்து. முதல் மாதிரித் தேர்வுல பையன் 45 கேள்வி போட்டான். 31 சரி, 14 தப்பு. ஆப் 77.5 மார்க், “தகுதி”ன்னு பச்சையில காட்டிச்சு. கழிவைக் கணக்கே பண்ணல. 14 தப்புக்கு 11.67 போனா மிச்சம் 65.83. உண்மைத் தேர்வா இருந்தா அவன் ஜிஎஸ்ல எவ்வளவு எடுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, சிசாட்ல தகுதி இல்லைன்னா ஜிஎஸ் மார்க்கை வச்சு யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. தோத்த பையன்கிட்ட ஜெயிச்சுட்டேன்னு சொல்லி அனுப்பற ஆப்புக்கு 18,000 ரூபாய்! பத்து நாள் பச்சையைப் பார்த்தவன் தைரியமா இன்னும் அதிகமா ஊகிப்பான், அங்கேதான் ஆபத்து. கேட்டதுக்கு, “அது பிராக்டிஸ் மோட், மன உறுதி குறையக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கோம்”ன்னு பதில்.

“முழு மாதிரித் தேர்வுகள்”ன்னு போட்டாங்களே, எத்தனைன்னு போட்டாங்களா? அவன் பார்த்தது ரெண்டு. ரெண்டாவது, யுபிஎஸ்சி தன் தளத்துல எல்லாருக்கும் இலவசமா வச்சிருக்கற பழைய வினாத்தாள், கேள்வி வரிசை மட்டும் மாத்தியிருந்தது. பத்தி வாசிப்புப் பகுதியை ஒப்பிட்டாலே தெரிஞ்சிடும், அந்தப் பத்திகளை அப்படியே நகல் எடுத்திருந்தாங்க. தினசரி வகுப்பு முதல் வாரம் நேரடியா நடந்துச்சு, அப்புறம் பழைய பேட்ச்சோட பதிவு. பதிவுல ஆசிரியர் “நாளைக்கு ஹோலி, வகுப்பு இல்லை”ங்கறார், வெளியே பார்த்தா ஹோலி முடிஞ்சு எத்தனையோ நாள் ஆச்சு. தனி வழிகாட்டின்னா ஒரு டெலிகிராம் குழு, அதுல கேள்விக்குப் பதில் போடறது சக மாணவர்கள்தான். தமிழ் விளக்கம் அறிமுக வகுப்போட சரி. வினாத்தாள் ஆங்கிலத்துலயும் இந்தியிலயும் மட்டுமே வர்ற தேர்வு இது. தமிழ் மீடியம் பையனுக்கு ஆங்கிலப் பத்தியைப் பிரிச்சுப் படிக்கக் கத்துக்கொடுக்க ஒரு தமிழ் ஆசிரியர்தான் அந்தக் கோர்ஸ்ல அவனுக்கு உண்மையான மதிப்பு. அதைத்தான் முதல்ல நிறுத்தினாங்க.

பன்னிரண்டாம் நாள் விலகறேன்னு எழுதிக் கொடுத்தான். 18,000-ஐ 45 நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 400. மீதி 33 நாளுக்கு 13,200 திரும்ப வரணும். மத்தியக் கல்வித் துறை 2024 ஜனவரியில மாநிலங்களுக்கு அனுப்பின கோச்சிங் நெறிமுறையும் இதே கணக்கைத்தான் சொல்லுது, இடையில நின்னா மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் கொடுக்கணும்னு. அது முன்மாதிரி நெறிமுறைதான், மாநிலம் ஏத்துக்கிட்டாதான் பலம், ஆனா கணக்கு கேட்கும்போது கையில வச்சுக்க நல்ல காகிதம்.

அதுக்கப்புறம் வந்த பதில்கள் இருக்கே. “ரீஃபண்ட் டீமுக்கு அனுப்பியிருக்கோம்.” “சார் மீட்டிங்ல இருக்காங்க.” “ஏழு வேலை நாள் ஆகும்.” அப்புறம் பணத்துக்குப் பதிலா அடுத்த வருஷக் கோர்ஸுக்கு 5,000 ரூபாய் கூப்பன். நான் நேர்ல போய்க் கேட்டப்போ அதே அம்மா, அதே இனிப்பான குரல்ல, “சார், உத்தரவாதம் இல்லைன்னு கேப்ஷன்லயே தெளிவாப் போட்டிருக்கோமே”ன்னாங்க. தேர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லைன்னா வகுப்புக்குமா இல்லை? அந்த வரி ரேங்க்கைப் பத்தினது. நேரம், தேர்வு எண்ணிக்கை, ஆசிரியர் எல்லாம் முழுக்க அவங்க கையில இருக்கற விஷயம். கையில் இல்லாததை மறுத்து நல்ல பேர் வாங்கிட்டு, கையில் இருக்கறதையும் சேர்த்து மறுக்கறாங்க. 18,000 ரூபாய்க்கு அந்த ஒரு வாக்கியம்தான் இப்போ அவங்க வக்கீல்.

ரேங்க் பேச்சே இல்லாம ஒழுங்கான கேப்ஷன் எழுத முடியாதான்னு கேட்டா, தாராளமா முடியும். இதோ:

“சிசாட் கிராஷ் கோர்ஸ், 45 நாள். 36 நேரடி வகுப்பு, தலா 2 மணி நேரம்: கணக்கு 14, ரீசனிங் 10, ஆங்கிலப் பத்தி வாசிப்பு 12 (தமிழ் விளக்கத்துடன்). முழுத் தேர்வு 6, ஞாயிறு மதியம் 2.30 முதல் 4.30 வரை, ஓஎம்ஆர் தாளில், தப்புக்கு 0.83 கழித்து மதிப்பீடு. தாள் அலசல் 3 நாளில். கட்டணம் 18,000, ஜிஎஸ்டி உட்பட. இடையில் விலகினால் மீதி நாள்களுக்கான பணம் 10 நாளில் திரும்பும். தேர்ச்சி, ரேங்க், கட்-ஆஃப் எதற்கும் உறுதி தர முடியாது.”

இதுல ஒவ்வொரு எண்ணும் நாளைக்குச் சரிபார்க்கக் கூடியது. மதியம் 2.30-ன்னு ஏன் போட்டேன்னா, உண்மைத் தேர்வுல காலையில ஜிஎஸ் எழுதிக் களைச்சுப் போய்தான் சிசாட் எழுதணும். காலையில புத்துணர்ச்சியோட எழுதின மாதிரித் தேர்வு மார்க்கை நம்ப முடியாது. உறுதி இல்லைங்கற வரியும் மத்த வரிகளோட அதே எழுத்தளவுல இருக்கணும், கீழே எறும்பு சைஸ்ல போடக்கூடாது.

இன்னும் நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன், இப்போ முடியல. சுருக்கமா:

கேப்ஷன்ல எத்தனை வகுப்பு, எத்தனை தேர்வுன்னு எண் இல்லைன்னா காசு கட்டாதீங்க. கட்டற அன்னைக்கே அந்தக் கேப்ஷனை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, எங்க விஷயத்துல புகார் போன மறுநாள் “தமிழிலும் விளக்கம்” மட்டும் காணாமப் போச்சு. க்யூஆர் ஸ்கேன் பண்ணா மையத்தோட பேர் வரணும், தனி ஆள் பேர் வந்தா நிறுத்துங்க. துண்டுச் சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி எண்ணோட பில் கேளுங்க. ஆப் மார்க்கைக் கையால ஒரு தடவை கழிச்சுப் பாருங்க. விலகறதை வாயால சொல்லாதீங்க, மின்னஞ்சல்ல தேதியோட அனுப்புங்க, நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். பதில் இல்லைன்னா 1915-க்குப் பேசி புகார் எண் வாங்குங்க. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கூப்பனை மட்டும் வாங்கிடாதீங்க. வாங்கினா கணக்குத் தீர்ந்ததுன்னு எழுதிக்குவாங்க.