மல்மல், ரேயான், ஜார்ஜெட், பனியன் துணி: வெயிலில் ஹெல்மெட்டுக்குள் எது தாங்கும்?

வண்டி ஓட்டும்போது தலையில் சுற்ற எந்தத் துணி நல்லது என்று கேட்டால், எல்லாரும் சொல்வது "காட்டன்". அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் பனியனும் காட்டன், கால்சட்டைத் துணியும் காட்டன், காற்று வாங்கும் மெல்லிய மல்மலும் காட்டன். நூல் எதிலிருந்து வந்தது என்பதைவிட, அதை எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறார்கள், துணி எவ்வளவு கனம் என்பதுதான் நண்பகலில் நம்மைக் காப்பாற்றும் அல்லது படுத்தும். என் அலமாரியில் இருந்த நான்கு ஷால்களை ஒரே வழியில், ஒரே உச்சி வெயில் நேரத்தில், நாளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

முதலில் ஜார்ஜெட். பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும், அலசினால் அரை மணியில் காயும். பிரச்சினை வேர்வையில். சாதாரண காற்றில் கிடக்கும் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. அதனால் நெற்றி வேர்வை துணிக்குள் போகாமல் தோல்மேலேயே வழிந்து கண்ணுக்கு வந்து எரியும். கண் எரிகிற நேரத்தில் கை ஹேண்டிலில் இருக்கும், துடைக்க முடியாது. இன்னொன்று, வழுக்கல். தலைமுடிமேல் ஜார்ஜெட், அதற்குமேல் ஹெல்மெட் என்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஹெல்மெட் கொஞ்சம் நகரும். வறண்ட காற்றில் உரசி உரசி மின்னேற்றமும் வரும், தூசி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வண்டிக்கு எனக்கு இது வேண்டாம்.

பனியன் துணியை நிறையப் பேர் விரும்புவார்கள். இழுத்தால் நீளும், ஊக்கு தேவையில்லை, தலையில் அப்படியே பிடிக்கும். ஆனால் எடையைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 160 கிராம் இருக்கிற பனியன் துணியில் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் எடுத்தால் 320 கிராம். அதே அளவு மல்மல், சதுர மீட்டருக்கு 65 கிராம் என்றால், 130 கிராம்தான். இரண்டு மடங்குக்கும் மேல் கனம். அது வேர்வையை நன்றாகவே குடிக்கும், குடித்ததை விடாது. சிக்னலில் நின்றதும் ஈரத் துணி மூக்கோடு ஒட்டி, மூச்சு இழுக்கும்போது உள்ளே வரும்.

ரேயான்தான் ஏமாற்றுக்காரி. தொட்டால் சில்லென்றிருக்கும், அழகாக விழும், பருத்தியைவிடக் கூடுதலாக ஈரம் இழுக்கும். முதல் பத்து நிமிடம் மல்மலைவிட சுகம். அப்புறம் இழைகள் நனைந்து ஊதி, துணி கனத்து, காது ஓரத்தில் தொங்க ஆரம்பிக்கும். நனைந்த ரேயானின் வலு காய்ந்ததில் ஏறத்தாழ பாதிதான். ஊக்கு குத்திய இடம் மெதுவாகக் கிழிந்து வரும்.

என்னிடம் இருந்த ரேயான் "சுத்த காட்டன்" என்று ஒரு கடையில் சொல்லிக் கொடுத்தது. கண்டுபிடிக்கும் வழி எளிது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் எச்சில் தொட்டு ஈரமாக்கி இரண்டு பக்கமும் இழுங்கள். ரேயான் சரியாக அந்த ஈரமான இடத்தில் பட்டென்று அறும். பருத்தி நனைந்தாலும் வலு குறையாது. அறுந்தாலும் பெரும்பாலும் வேறு இடத்தில்தான். எரித்துப் பார்க்கிற பழைய வழி இங்கே உதவாது. பாலியெஸ்டர் உருகி மணியாகும், சரி. ரேயானும் பருத்தியும் இரண்டுமே காகிதம் போலத்தான் எரியும்.

ஆகவே மல்மல். மெல்லிய நூலை இடைவெளி விட்டு நெய்த சாதா நெசவு. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒளி தெரிய வேண்டும். அந்தக் கட்டம் வழியாகத்தான் ஓடும்போது காற்று நுழைந்து வேர்வையை உலர்த்துகிறது. புதிதாக வாங்கியதில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சாமல் முத்தாக நிற்கும். இரண்டு முறை அலசிய பிறகுதான் அது சரியான மல்மல். வீட்டிலும் கஞ்சி போடாதீர்கள். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், அதுவும் ஈரம் இழுப்பதைக் குறைக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒன்று. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. வெளியே 40 இருந்தால் முகத்தில் அடிக்கிற காற்று குளிர்விக்காது, சூடேற்றும். வேர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி. வறண்ட வெயிலில் மல்மலின் தலைப் பகுதியை மட்டும் நனைத்துப் பிழிந்து கட்டினால் கொஞ்ச நேரத்துக்கு நல்ல குளிர்ச்சி. மூக்குப் பக்கத்தை நனைக்கக் கூடாது, மூச்சு முட்டும். புழுக்கமான ஊரில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒற்றைச் சுற்று, காய்ந்த துணி.

மல்மலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மணலை, ரோட்டுப் புழுதியின் பெரிய துகளை அது நிறுத்தும். 10 மைக்ரானுக்குக் குறைவான நுண்தூசிக்கும் வண்டிப் புகைக்கும் அந்தக் கட்டங்கள் திறந்த வாசல் மாதிரி. மூக்கில் இரண்டாக மடித்தால் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமையாது, அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். நான்காக மடித்தால் மூச்சு கனத்து, காற்று ஓரம் வழியாக வர ஆரம்பிக்கும், பயன் இல்லை. புகை அதிகமான சாலையில் என்95 மாஸ்க்கை உள்ளே போட்டு மேலே துணியை விடுவதுதான் வழி. அதேபோல வெள்ளை மல்மல் புற ஊதாக் கதிரை நிறையவே உள்ளே விடும், நனைந்தால் இன்னும் கூடுதலாக. அடர் நீலமோ அரக்கோ சாயம் ஏறியது இந்த விஷயத்தில் மேல். கூடவே கொஞ்சம் சூட்டையும் இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கட்டும் விதம் துணிக்குச் சமமாக முக்கியம். இரண்டரை மீட்டர் துப்பட்டாவை அப்படியே சுற்றாதீர்கள், ஏறத்தாழ 1.75 மீட்டருக்கு வெட்டி ஓரம் அடித்தால் தலைமேல் ஒற்றை மடிப்பு, மூக்கில் இரட்டை என்று வரும். முடிச்சோ ஊக்கோ ஹெல்மெட்டுக்குள் வரக் கூடாது. அது ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், விழுந்தால் தலையில் குத்தும். முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள், பின்னால் பறக்கிற முனை சக்கரத்தில் சிக்கும். தாடைப் பட்டையைப் பூட்டிய பிறகு ஹெல்மெட்டை இரு கையால் அசைத்துப் பாருங்கள்: நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தால் சரி. ஹெல்மெட் மட்டும் துணிமேல் வழுக்கினால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். கழுத்தைத் திருப்பி இரண்டு தோளையும் பார்க்கவும் முடிய வேண்டும்.

மாலையில் அவிழ்த்தால் மூக்கு இருந்த இடத்தின் வெளிப்பக்கத்தில் செம்பழுப்பாய் ஒரு திட்டு இருக்கும். துவைக்காமல் மறுநாள் எடுத்து, அவசரத்தில் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டு, நேற்றைய தூசியை நானே மூச்சில் இழுத்திருக்கிறேன். இப்போது ஒரு மூலையில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு வைத்திருக்கிறேன். தையல் இருக்கும் பக்கம்தான் முகத்துக்கு.