ஆசை அடங்கினதா, அன்பே போய்விட்டதா?

காதலித்துக் கல்யாணம் கட்டி மூன்றாம் வருடம், பிரிவதா இருப்பதா என்று யோசிக்கும் அளவுக்கு நானும் வந்தேன். அவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் துள்ளின மனம், சொதியைச் சூடாக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தது. இருப்பது என்றுதான் முடிவெடுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வெளிச்சம்.

துள்ளல் குறைவதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க ஏலாது. அது அநேகமாக எல்லோருக்கும் குறையும். 1999 இல் இத்தாலியின் பீசாவில் மரட்சிட்டி என்ற மனநல மருத்துவர் குழு, புதிதாகக் காதல் வயப்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற இரசாயனம் சார்ந்த ஓர் அளவு, ஒரே எண்ணம் விடாமல் சுற்றும் நோய் உள்ளவர்களுக்குப் போலவே குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்து அவர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது அது வழமைக்கு வந்துவிட்டது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

அப்போ எதைப் பார்ப்பது? நான் பார்த்தது ஒன்றைத்தான்: சும்மா ஒரு கதை சொன்னால் மற்றவர் காது கொடுக்கிறாரா? அமெரிக்க உளவியலாளர் கொட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சேர்ந்திருந்தவர்கள் இப்படியான சின்ன அழைப்புகளில் 86 வீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 வீதத்துக்குத்தான்.

எங்கள் வீட்டில் "பக்கத்து வளவு மாமரம் பூத்திருக்கு" என்பேன். போனைப் பார்த்தபடியே, "இந்த முறையும் வௌவால் விடாது" என்பார். காதல் வசனம் இல்லைதான், ஆனால் பதில் வந்தது. அக்கரைப்பற்றுப் பக்கம் என் தோழி வீட்டில் இதே கதைக்கு, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று வரும், கண்ணைச் சுழற்றிக்கொண்டு. சண்டையைவிட இந்த ஏளனம் மோசம். பிறகு அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். பிள்ளை பரீட்சையில் பாஸான செய்தியைக்கூட முதலில் அக்காவுக்குத்தான் சொன்னாள். அவள் புருசனும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேளாமையைத்தான் அன்பு போனதன் அடையாளம் என்பேன்.

இதைக் கவனிக்க ஒருநாள் காணாது. வேளாண்மை வெட்டும் நாளிலும் கைக்குழந்தை இருக்கும்போதும் எந்த மனிசனும் பேசாமல்தான் கிடப்பான். அந்த நெருக்கம் கழிந்த பிறகும் பதில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது களைப்பு. கோயில் திருவிழா, கூட்டாளிமார், சாப்பாடு எதிலுமே ருசியில்லை என்றால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுதான் முதல் இடம், விவாகரத்து வக்கீல் அல்ல.

அடி, பயம் உள்ள வீட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பான இடம். கட்டாரில் புருசன் இருப்பவர்களுக்கும் நான் அடித்துச் சொல்லமாட்டேன், நான் அப்படி வாழ்ந்ததில்லை. இரவு போனில் பத்து நிமிடம் கிடைக்கும்போது காசுக் கணக்கே கதையாகிவிடுமாம். அவர் லீவில் வந்து, விருந்தாளி வரத்து ஓய்ந்த பிறகு பார்ப்பதுதான் நியாயம் என்று படுகிறது.